ஞாயிறு மாலை வந்தாலே மனசு கனப்பது ஏன்? வெள்ளிக்கிழமை அரை மணி நேரத்தில் என்ன செய்யலாம்?

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து, ஐந்தரை மணி. மதியம் சாப்பிட்ட பிரியாணி இன்னும் செரிக்கவில்லை. போனில் ரீல்ஸ் ஓடிக்கொண்டிருக்கிறது. கெட்டது எதுவும் நடக்கவில்லை, யாரும் திட்டவில்லை. ஆனாலும் வயிற்றுக்குள் ஏதோ ஒன்று இறுகுகிறது. 'நாளைக்கு திங்கட்கிழமை' என்ற நினைப்பு வந்ததும் மிச்சமிருக்கும் லீவும் சேர்ந்து கெட்டுப்போகிறது.

ஆங்கிலத்தில் இதற்கு 'சண்டே ஸ்கேரீஸ்' என்று செல்லப்பெயர் வைத்திருக்கிறார்கள். இது நோயின் பெயர் கிடையாது. எந்த மருத்துவரும் இப்படி எழுதிக் கொடுக்க மாட்டார். வரப்போகும் ஒன்றை நினைத்து முன்கூட்டியே வரும் பதற்றம், அவ்வளவுதான். ஆனால் வாரத்தில் கிடைப்பதே ஒன்றரை நாள் ஓய்வு என்றால், அதில் கடைசி ஆறு மணி நேரத்தை இது சாப்பிட்டுவிடுவது சின்ன விஷயம் இல்லை.

கொஞ்சம் வரலாறு. ஹங்கேரியைச் சேர்ந்த மனநல மருத்துவர் ஷான்டோர் ஃபெரென்சி 1919-லேயே 'ஞாயிற்றுக்கிழமை நோய்' பற்றி எழுதியிருக்கிறார். அவர் பார்த்தது வேறு மாதிரி. லீவு நாள் வந்தாலே தலைவலி, வயிற்றுவலி என்று படுத்துவிடுபவர்களைப் பற்றி அவர் எழுதினார். வாரம் முழுக்க இருந்த கட்டுப்பாடு திடீரென்று விலகுவதுதான் அவர்களுக்குப் பிரச்சினை. நமக்கு நடப்பது இதற்கு நேர்மாறு, லீவு முடிவதுதான் நமக்குப் பிரச்சினை. அந்த லீவும் இந்தியாவில் சும்மா கிடைத்துவிடவில்லை. பம்பாய் மில் தொழிலாளர்களுக்காக நாராயண் மேகாஜி லோகண்டே பல வருடங்கள் போராடிய பிறகு, 1890-ல்தான் அவர்களுக்கு ஞாயிறு விடுமுறை கிடைத்தது.

திங்கட்கிழமை அவ்வளவு மோசமான நாளா?

இங்கே ஒரு சுவாரஸ்யமான தகவல். அமெரிக்காவில் கேலப் நிறுவனம் தொலைபேசி வழியாகச் சுமார் 3,40,000 பேரிடம் அவர்களுடைய அன்றாட மனநிலையைக் கேட்டுப் பதிவு செய்திருந்தது. ஆர்தர் ஸ்டோன் என்ற உளவியல் ஆய்வாளரும் அவரது குழுவினரும் அந்தப் பதிவுகளை நாள்வாரியாகப் பிரித்துப் பார்த்து 2012-ல் முடிவை வெளியிட்டார்கள். சனி, ஞாயிறு மனநிலை நன்றாக இருந்தது. வெள்ளியும் பரவாயில்லை. ஆனால் திங்கட்கிழமை மனநிலை செவ்வாய், புதன், வியாழனை விடப் பெரிதாக மோசமாக இல்லை. வேலை நாள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருந்தது.

இது லட்சக்கணக்கான பேரின் சராசரி. உங்கள் ஆபீஸில் திங்கள் காலை பத்து மணிக்கே க்ளையன்ட் கால் இருந்தால் உங்கள் திங்கட்கிழமை வேறு கணக்கு. ஆனாலும் உங்கள் அனுபவத்தையே யோசித்துப் பாருங்கள். திங்கள் காலை பதினொரு மணி, ரெண்டாவது டீ குடிக்கும்போது, முந்தின நாள் மாலை இருந்த அதே பயம் இருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது. வேலையில் இறங்கியதும் அது கரைந்துவிடுகிறது. அப்படியென்றால் ஞாயிறு மாலை நம்மை அழுத்துவது வேலை அல்ல, தலைக்குள் சுற்றிக்கொண்டிருக்கும் வேலையின் நினைப்பு. அந்த நினைப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், பல நேரம் அது வெள்ளிக்கிழமை மாலையில் போய் நிற்கும்.

மூடாமல் விட்ட வேலை என்ன செய்யும்?

1927-ல் ப்ளூமா ஸைகார்னிக் என்ற உளவியலாளர் பெர்லினில் செய்த ஆய்வு ரொம்பப் பிரபலம். முடித்த வேலையை விட, பாதியில் நிறுத்தப்பட்ட வேலை நன்றாக ஞாபகம் இருக்கிறது என்றார் அவர். பின்னால் அதைத் திரும்பச் செய்து பார்த்தவர்கள் எல்லோருக்கும் அதே முடிவு கிடைக்கவில்லை. அதனால் 'ஸைகார்னிக் விளைவு' என்று இணையத்தில் அடித்துவிடுவதை அப்படியே நம்ப வேண்டியதில்லை.

நமக்கு அதைவிட உபயோகமான ஆய்வு 2011-ல் வந்தது. மாசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் செய்தது. முடிக்காத வேலையை ஞாபகப்படுத்திவிட்டு, ஆட்களிடம் வேறொரு விஷயத்தைப் படிக்கக் கொடுத்தார்கள். படிக்கும்போது அந்த முடியாத வேலை நடுநடுவே வந்து தொந்தரவு செய்தது. எதிர்பார்த்ததுதான். ஆனால் அந்த வேலையை எப்போது, எப்படிச் செய்யப்போகிறோம் என்று தெளிவாகத் திட்டம் எழுதியவர்களுக்கு அந்தத் தொந்தரவு போய்விட்டது. கவனியுங்கள், அவர்கள் வேலையை முடிக்கவில்லை. திட்டம் மட்டும்தான் போட்டார்கள்.

அதாவது, வேலை முடியும்வரை மனசு விடாது என்று நாம் நினைக்கிறோம். அது கேட்பது அதைவிடச் சின்ன விஷயம். 'இதை எப்போ பண்ணுவே, எப்படி ஆரம்பிப்பே' என்று கேட்கிறது. பதில் கிடைத்தால் விட்டுவிடுகிறது. கிடைக்கவில்லை என்றால் ஞாயிறு மாலை வந்து மறுபடி கேட்கிறது.

வெள்ளிக்கிழமை ஆறரை மணிக்கு 'மண்டே பாத்துக்கலாம்' என்று லேப்டாப்பை மூடுகிறோமே, அது திட்டம் இல்லை. அதில் எந்த நேரமும் இல்லை, எந்த முதல் படியும் இல்லை. அதனால் மனசு அதைப் பதிலாக எடுத்துக்கொள்வதில்லை.

இதை ஆபீஸ் வேலைக்குப் பொருத்திப் பார்த்தவர் பிராண்டன் ஸ்மிட். அவருடைய ஆய்வு 2016-ல் வெளியானது. வேலை நாள் முடியும்போது, முடிக்காத வேலைகளை எங்கே, எப்போது, எப்படிச் செய்வோம் என்று எழுதிவைத்த ஊழியர்கள், வீட்டுக்குப் போனபின் வேலையிலிருந்து மனதளவில் விலகுவது சுலபமாக இருந்தது என்று அதில் தெரியவந்தது. வேலையை ரொம்ப மனசுக்கு நெருக்கமாக எடுத்துக்கொள்பவர்களுக்கு இது கூடுதலாக உதவியது.

வெள்ளிக்கிழமை அரை மணி நேரம்: ஒரு உதாரணம்

பெங்களூருவில் ஒரு ஐடி கம்பெனியில் மூன்று வருடமாக வேலை பார்க்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கற்பனைதான், பெயர் கயல் என்று வைத்துக்கொள்ளலாம். திங்கள் காலை 10 மணிக்கு டீம் ஸ்டேட்டஸ் கால். வெள்ளி மாலை அவர் கையில் மூன்று விஷயங்கள் தொங்குகின்றன: க்ளையன்ட்டுக்குப் போகவேண்டிய மாத ரிப்போர்ட், டேட்டா டீமிடமிருந்து வராத ஒரு ஃபைல், மேனேஜரிடம் பேசவேண்டிய அப்ரைசல் விஷயம்.

வழக்கமாக அவர் போடும் லிஸ்ட் இப்படி இருக்கும்: 'ரிப்போர்ட். டேட்டா ஃபைல். அப்ரைசல்.' இதைப் பார்த்தால் பயம்தான் கூடும். ஏனென்றால் மூன்றும் வேலையின் தலைப்புகள். எதிலும் எங்கே கை வைப்பது என்று இல்லை.

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குக் காலெண்டரில் அரை மணி நேரத்தை 'பிஸி' என்று அடைத்துவிட்டு, அவர் அதையே இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

ரிப்போர்ட்: திங்கள் 9.15-க்கு, மெயிலைத் திறக்கும் முன், மூன்றாம் பக்கத்தில் இருக்கும் எண்களைப் போன மாத ஷீட்டோடு ஒப்பிட வேண்டும். பொருந்தினால் 9.50-க்கு அனுப்பிவிடலாம். பொருந்தாவிட்டால் 10 மணி காலில், 'மதியம் மூன்று மணிக்குள் தருகிறேன்' என்று சொல்லவேண்டும்.

டேட்டா ஃபைல்: இன்றே ஒரு மெசேஜ் போட்டு ஞாபகப்படுத்தியாகிவிட்டது. திங்கள் 11 மணிவரை வராவிட்டால் மெயில் அனுப்பாமல் நேரடியாகப் போன் செய்யவேண்டும்.

அப்ரைசல்: மேனேஜருடைய காலெண்டரில் செவ்வாய் நான்கு மணிக்குக் கால் மணி நேரம் கேட்டு இன்வைட் அனுப்பியாகிவிட்டது. பேசவேண்டிய இரண்டு பாயின்ட்டைத் திங்கள் சாப்பாட்டுக்குப் பிறகு எழுதவேண்டும். அதுவரை இதற்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

இதில் நடந்திருப்பதைப் பாருங்கள். முதல் வேலைக்கு ஒரு முதல் படியும், அது சறுக்கினால் என்ன சொல்வது என்பதும் இருக்கிறது. இந்த இரண்டாவது பகுதிதான் முக்கியம். ஞாயிறு மாலை வரும் பயத்தில் பாதி, 'காலில் கேட்டால் என்ன சொல்றது?' என்பதுதான். அந்த வாக்கியத்தை வெள்ளிக்கிழமையே எழுதிவைத்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை அதைத் தேட வேண்டாம். இரண்டாவது வேலை அடுத்தவர் கையில் இருக்கிறது. அதற்குக் கயல் செய்யக்கூடியது, எதுவரை காத்திருப்பது என்று ஒரு நேரம் வைப்பது மட்டும்தான். மூன்றாவதற்குத் தேதி குறித்தாகிவிட்டது, அதனால் திங்கட்கிழமையிலிருந்தே அது நகர்ந்துவிட்டது.

இது வேலை செய்யாமல் போகும் இடங்களும் உண்டு. லிஸ்ட்டில் இருபத்தைந்து வரி எழுதினால் அது திட்டம் இல்லை, புலம்பல். திங்கள் மதியம்வரைக்கான மூன்று, நான்கு விஷயங்கள் போதும். மிச்சத்தை ஒரே வரியில், 'மற்றதெல்லாம் திங்கள் இரண்டு மணிக்கு வரிசைப்படுத்தணும்' என்று போட்டுவிடலாம். 'பேசணும்', 'பாக்கணும்' என்று முடியும் வரிகளையும் சந்தேகப்படுங்கள். யாரிடம், எத்தனை மணிக்கு, முதல் வாக்கியம் என்ன என்று இல்லாவிட்டால் அது மறுபடி ஞாயிறு மாலை வந்து நிற்கும். சரியாக எழுதியிருக்கிறோமா என்று பார்க்க ஒரு வழி: அந்த வரியை உங்கள் பக்கத்து சீட்காரரிடம் கொடுத்தால், உங்களிடம் எதையும் கேட்காமல் அவரால் ஆரம்பிக்க முடியுமா?

இதையே ஞாயிறு இரவு லேப்டாப் திறந்து செய்தால் என்ன என்று கேட்கலாம். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். 'சும்மா மெயில் மட்டும் ஒரு தடவை பாத்துடலாம்' என்று ஆரம்பிப்பார்கள். மெயிலைத் திறந்ததும் ஏற்கெனவே இருந்த மூன்றோடு புதிதாக நான்கு சேர்ந்துவிடும், ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு எதையும் முடிக்கவும் முடியாது, யாரையும் கேட்கவும் முடியாது. வெள்ளிக்கிழமை தவறவிட்டுவிட்டால், ஞாயிற்றுக்கிழமை ஒரு பேப்பரில் ஞாபகத்திலிருந்து எழுதுங்கள். லேப்டாப் பைக்குள்ளேயே இருக்கட்டும்.

ஞாயிறு இரவு ஏன் தூக்கம் வருவதில்லை?

வேலைக் கவலை மட்டும் காரணம் இல்லை, கடிகாரமும் ஒரு காரணம். கயலையே எடுத்துக்கொள்வோம். வாரநாளில் 12 மணிக்குப் படுத்து 7 மணிக்கு எழுகிறார். தூக்கத்தின் நடுப்புள்ளி அதிகாலை 3.30. வெள்ளி, சனி இரவுகளில் படம் பார்த்துவிட்டு 2 மணிக்குப் படுத்து 10 மணிக்கு எழுகிறார். இப்போது நடுப்புள்ளி காலை 6. இடைவெளி இரண்டரை மணி நேரம். ஜெர்மனியைச் சேர்ந்த டில் ரோன்னபெர்க்கும் அவரது குழுவும் 2006-ல் இந்த இடைவெளிக்கு 'சோஷியல் ஜெட்லாக்' என்று பெயர் வைத்தார்கள். விமானமே ஏறாமல் வேறு நேர மண்டலத்துக்குப் போய்விட்டு, ஞாயிறு இரவு திரும்பி வருவது மாதிரி.

இதோடு ஞாயிறு மதியம் மூன்றிலிருந்து ஐந்துவரை ஒரு தூக்கம், எழுந்ததும் ஒரு ஸ்ட்ராங் காபி. காபியில் இருக்கும் கஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். பிறகு 'நாளைக்கு ஆபீஸ், சீக்கிரம் தூங்கணும்' என்று பத்து மணிக்கே படுக்கிறார். இதுதான் பெரிய சறுக்கல். வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு முந்தின இரண்டு மணி நேரத்தில் உடம்பு இயல்பாகவே விழிப்பாக இருக்கும். பத்து மணிக்கு லைட்டை அணைத்தால், இருட்டில் மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டு திங்கட்கிழமையைப் பற்றி யோசிக்க இரண்டு மணி நேரம் நாமே ஒதுக்கிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை படுக்கும் நேரத்தை முன்னால் இழுப்பதை விட, அன்று காலை எழும் நேரத்தைப் பிடிப்பது பலன் தரும். வாரநாளை விட ஒரு மணி நேரம் வரை தாமதம் பரவாயில்லை. மதியத் தூக்கம் வேண்டும் என்றால் மூன்று மணிக்குள், அரை மணி நேரத்துக்குள் அலாரம் வைத்து. காபி மதியத்தோடு சரி. இரவு வழக்கமான நேரத்துக்கே படுங்கள்.

படுத்தும் தலை சுற்றுகிறது என்றால் ஒரு சின்ன வழி இருக்கிறது. அமெரிக்காவின் பெய்லர் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்கல்லின் குழு 57 இளைஞர்களைத் தூக்க ஆய்வகத்தில் வைத்துப் பார்த்தது. படுக்கும் முன் ஐந்து நிமிடம் பாதிப்பேர் அடுத்து வரும் நாள்களில் செய்யவேண்டியதை எழுதினார்கள், மீதிப்பேர் செய்து முடித்ததை எழுதினார்கள். செய்யவேண்டியதை எழுதியவர்கள் சராசரியாக ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். விவரமாக எழுதியவர்கள் இன்னும் சீக்கிரம். 2018-ல் வந்த இந்த ஆய்வு சிறியது, ஒரே ஒரு இரவு பார்த்தது. ஆனால் பேனாவும் பேப்பரும் தவிரச் செலவு இல்லை என்பதால் முயற்சி செய்து பார்ப்பதில் நஷ்டமும் இல்லை.

வாரக் கடைசியில் ஊருக்குப் போய்விட்டு ஞாயிறு இரவு பஸ்ஸில் பெங்களூரு, ஹைதராபாத் திரும்புபவர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் பொருந்தாது. பஸ்ஸில் தூங்கிய ஐந்து மணி நேரம் வீட்டில் தூங்கிய ஐந்து மணி நேரம் ஆகாது. அம்மா கட்டிக்கொடுத்த டிபன் டப்பாவோடு பஸ் ஏறும்போது வரும் கனம் ஆபீஸைப் பற்றியது மட்டும் இல்லை, ஊரை விட்டுக் கிளம்புவதும் அதில் சேர்ந்திருக்கிறது. அதற்கு லிஸ்ட் உதவாது. செய்யக்கூடியது: மாதம் ஒருமுறை போவதாக இருந்தால், அந்தத் திங்கட்கிழமை மட்டும் லேட் லாகின் அல்லது வீட்டிலிருந்து வேலை என்று முன்கூட்டியே கேட்டுவைப்பது. அதே நாள் காலையில் முக்கியமான மீட்டிங் எதையும் நீங்களாக வைத்துக்கொள்ளாமல் இருப்பது.

ஞாயிறு மாலை வரும் ஆபீஸ் வாட்ஸ்அப்

ஏழு மணிக்கு டீம் குரூப்பில் 'டுமாரோ மார்னிங் திஸ் இஸ் டாப் பிரையாரிட்டி' என்று ஒரு மெசேஜ். வெள்ளிக்கிழமை போட்ட திட்டம் காலி. பிரான்ஸில் வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பைத் துண்டிக்கும் உரிமை 2017 ஜனவரியில் சட்டமாக அமலுக்கு வந்தது. இந்தியாவில் எம்.பி. சுப்ரியா சுலே 2018-ல் இதற்காக மக்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்தார், ஆனால் அது சட்டமாகவில்லை. எனவே இங்கே இது சட்டத்தை விடப் பேச்சுவார்த்தையால் முடியவேண்டிய விஷயம்.

குரூப்பை ம்யூட் செய்வது முதல் படி. அதற்கு முன் மேனேஜரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் நல்லது: 'சார், ஞாயித்துக்கிழமை குரூப் பார்க்க மாட்டேன், நிஜமாவே அவசரம்னா போன் பண்ணுங்க, எடுக்கிறேன்.' இப்படிச் சொன்னால் பெரும்பாலும் போன் வராது. ஏனென்றால் மெசேஜ் தட்டுவது சுலபம், ஞாயிற்றுக்கிழமை ஒருவரைப் போனில் கூப்பிட யாருக்கும் கொஞ்சம் யோசனை வரும். நீங்களே டீம் லீட் என்றால், ஞாயிறு தோன்றியதை எழுதி, திங்கள் ஒன்பது மணிக்குப் போகும்படி ஷெட்யூல் செய்துவிடுங்கள். உங்கள் பாரம் இறங்கிவிடும், நாலு பேருடைய சாயங்காலமும் தப்பிக்கும்.

இதெல்லாம் செய்தும் போகவில்லை என்றால்?

நான்கு ஞாயிற்றுக்கிழமை மூன்று விஷயங்களை மட்டும் குறித்துப் பாருங்கள்: பயம் எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, முதலில் மனதில் வந்தது என்ன, திங்கட்கிழமை எத்தனை மணிக்கு அது விட்டது.

திங்கள் மதியத்துக்குள் விட்டுவிடுகிறது, காரணமும் வாரா வாரம் மாறுகிறது என்றால் மேலே சொன்னவை போதுமானதாக இருக்கும். நான்கு வாரமும் ஒரே மீட்டிங் அல்லது ஒரே ஆளின் பெயர் வந்தால், அது தூக்கத்தையோ லிஸ்ட்டையோ பற்றிய பிரச்சினை கிடையாது. அந்த ஒன்றைத்தான் தொடவேண்டும். திங்கள் காலை ஸ்டேட்டஸ் காலை மதியத்துக்கு மாற்ற முடியுமா என்று கேட்பது சின்ன கோரிக்கைதான், டீமில் இன்னும் இரண்டு பேர் அதையே நினைத்துக்கொண்டிருக்க வாய்ப்பு உண்டு. அந்த ஒருவர் எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்துகிறார் என்றால், அதைத் தேதியோடு எழுதிவைத்து ஹெச்ஆரிடம் போகவேண்டிய விஷயம். மூச்சுப் பயிற்சி செய்து பொறுத்துக்கொள்ளவேண்டிய விஷயம் அல்ல.

மூன்றாவது வகை ஒன்று இருக்கிறது. பயம் சனிக்கிழமையே ஆரம்பிக்கிறது, திங்கள், செவ்வாய் ஆகியும் விடுவதில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் சரியில்லை. பிடித்த விஷயம் எதுவும் பிடிக்கவில்லை. 'போற வழியில ஒரு ஆக்சிடன்ட் ஆனா ஆபீஸ் போக வேண்டாமே' என்றுகூடத் தோன்றுகிறது. இதை ஞாயிறு மாலை சோகம் என்று ஒதுக்கக்கூடாது, மனநல மருத்துவரையோ ஆலோசகரையோ பார்க்கவேண்டும். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. 24 மணி நேரமும் இயங்குகிறது, கட்டணம் இல்லை. மொழியைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் தமிழும் இருக்கிறது, நீங்கள் டெல்லியிலோ புனேயிலோ இருந்தாலும் தமிழிலேயே பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் நான்கு வாரம் குறித்துப் பார்க்கக் காத்திருக்காமல், அன்றைக்கே அழையுங்கள், பக்கத்தில் இருக்கும் ஒருவரிடமும் சொல்லிவிடுங்கள்.